வட்டி எங்கே, முதல் எங்கே?
காசுப் பாய்ச்சல் கூற்றில் கடனுக்கும் பங்கிலாபத்துக்கும் உரிய இடம்

கற்பிட்டியிலிருந்து உடப்பு, சிலாபம் வரையிலான எமது கரையோரத்தில் பல கடற்றொழிலாளர் சங்கங்களும் சிக்கன கடன் சங்கங்களும் இயங்குகின்றன. ஆண்டு இறுதியில் இவற்றின் தனாதிகாரிகள் வருமான செலவுக் கணக்கையும் ஐந்தொகையையும் தயாரித்துப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கின்றனர். அங்கத்தவர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வங்கியில் எவ்வளவு காசு இருக்கிறது?" தொகை சென்ற ஆண்டைப் போலவே இருந்தால் எல்லோரும் திருப்தியுடன் கலைந்து செல்கின்றனர்.

ஆனால் அந்தக் காசு மீன் விற்று வந்ததா, கடன் வாங்கி வந்ததா என்பதை வங்கி மீதி சொல்லாது. அதைச் சொல்வதற்கென்றே அமைந்தது காசுப் பாய்ச்சல் கூற்று. இக்கூற்றில் மீன் விற்பனை, ஐஸ் செலவு போன்றவற்றை எங்கே எழுதுவது என்பதில் எவருக்கும் மயக்கம் வருவதில்லை. மயக்கம் வருவது மூன்று விடயங்களில்தான்: வட்டி, பங்கிலாபம், கடன் மீளச்செலுத்தல். இப்பாடத்தில் இம்மூன்றையும் நோக்குவோம்.

மூன்று பிரிவுகள்

காசுப் பாய்ச்சல் கூற்று ஓர் ஆண்டில் வந்த காசையும் போன காசையும் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கிறது.

முதலாவது தொழிற்பாட்டுப் பிரிவு. சங்கம் எந்தத் தொழிலுக்காக அமைக்கப்பட்டதோ அந்தத் தொழிலில் வந்து போகும் காசு இதில் அடங்கும். மீன் கொள்வனவுச் சங்கத்துக்கு மீன் விற்ற பணம், அங்கத்தவருக்கு மீனுக்காகக் கொடுத்த பணம், ஐஸ், எரிபொருள், லொறி வாடகை, சம்பளம் என்பன இதற்குரியவை.

இரண்டாவது முதலீட்டுப் பிரிவு. படகு, இயந்திரம், ஐஸ் அறை போன்ற நீண்டகாலச் சொத்துக்களை வாங்குவதும் விற்பதும், நிலையான வைப்பில் காசு இடுவதும் எடுப்பதும் இதில் வரும்.

மூன்றாவது நிதியிடல் பிரிவு. சங்கத்தை நடத்துவதற்கு வெளியாரும் அங்கத்தவரும் தந்த மூலதனம் இதில் வரும். வங்கிக் கடன் பெறுதல், அதன் முதலைத் திருப்பிக் கட்டுதல், அங்கத்தவர் பங்குப் பணம் ஆகியன இதற்கு உதாரணங்கள்.

இவற்றுள் கடன் முதலைப் பற்றி விவாதமே இல்லை. கடன் பெற்றால் நிதியிடல் வரவு; முதலைத் திருப்பிக் கட்டினால் நிதியிடல் செலவு. மீன் சங்கத்துக்கு இதில் வேறு தெரிவு கிடையாது. தெரிவு உள்ளது வட்டியிலும் பங்கிலாபத்திலும்தான்.

அறிஞர்களே ஒத்துப்போகாத விடயம்

வட்டி எங்கே சேரும் என்பதில் தனாதிகாரி குழம்பினால் அதில் வியப்பில்லை. 1987 இல் ஐக்கிய அமெரிக்காவின் நிதிக் கணக்கீட்டு நியமச் சபை காசுப் பாய்ச்சல் கூற்று பற்றிய தனது 95 ஆம் இலக்க நியமத்தை வெளியிட்டபோது, சபையின் ஏழு உறுப்பினரில் மூவர் அதனை ஏற்கவில்லை. அவர்களின் மறுப்புக்குரிய காரணங்களில் வட்டியின் இடமும் ஒன்று. செலுத்திய வட்டி, பெற்ற வட்டி, பெற்ற பங்கிலாபம் ஆகியவை இலாபத்தைத் தீர்மானிப்பவை. ஆகவே அவை தொழிற்பாட்டுப் பிரிவுக்கே உரியவை என்றனர் பெரும்பான்மையினர். கடனுக்குக் கொடுக்கும் விலையே வட்டி. ஆகவே அது கடனோடு சேர்ந்து நிதியிடலில் இருக்க வேண்டும், வைப்பிலிருந்து வரும் வட்டி வைப்போடு சேர்ந்து முதலீட்டில் இருக்க வேண்டும் என்பது மறுப்பாளரின் வாதம்.

1992 இல் திருத்தப்பட்ட பன்னாட்டு நியமம் 7 இருவருக்கும் இடம் விட்டது. அதனைத் தழுவி இலங்கையில் 2012 முதல் நடைமுறைக்கு வந்த இலங்கைக் கணக்கீட்டு நியமம் 7 உம் அதே தெரிவைக் கொண்டு வந்தது. செலுத்திய வட்டியைத் தொழிற்பாட்டிலோ நிதியிடலிலோ காட்டலாம். பெற்ற வட்டியையும் பங்கிலாபத்தையும் தொழிற்பாட்டிலோ முதலீட்டிலோ காட்டலாம். செலுத்திய பங்கிலாபத்தை நிதியிடலிலோ தொழிற்பாட்டிலோ காட்டலாம். நிபந்தனைகள் இரண்டு: ஒவ்வொன்றையும் தனி வரியில் காட்ட வேண்டும்; தெரிந்தெடுத்த முறையை ஆண்டுதோறும் மாற்றாமல் பின்பற்ற வேண்டும்.

2024 ஏப்ரலில் வெளியான பன்னாட்டு நிதி அறிக்கையிடல் நியமம் 18 இந்தத் தெரிவைப் பெரும்பாலும் நீக்கியது. 2027 ஜனவரி 1 இலோ அதற்குப் பின்னரோ தொடங்கும் கணக்காண்டுகளுக்கு உரிய இந்த விதியின்படி, சாதாரண வணிக நிறுவனங்கள் செலுத்தும் வட்டியும் பங்கிலாபமும் நிதியிடலுக்கும், பெறும் வட்டியும் பங்கிலாபமும் முதலீட்டுக்கும் செல்லும். 1987 இல் சிறுபான்மையாக நின்ற மூவரின் வாதம் ஏறத்தாழ 37 ஆண்டுகளின் பின் மேலோங்கியது எனலாம்.

எமது சிறு சங்கங்களை இந்த நியமங்கள் நேரடியாகக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். ஆனால் அவற்றின் பின்னால் உள்ள நியாயம் எமக்குத் தேவை. ஏன் என்பதை ஒரு கணக்கினால் விளங்கிக்கொள்வோம்.

ஒரு மீன் கொள்வனவுச் சங்கத்தின் ஆண்டு

இது பாடத்துக்காக அமைத்த கணக்கு. எந்தச் சங்கத்தினதும் உண்மைக் கணக்கன்று. அங்கத்தவரிடம் மீன் வாங்கி, ஐஸ் இட்டு, பேலியகொடை மொத்தச் சந்தைக்கு அனுப்பும் ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் கையிலும் வங்கியிலும் 400,000 ரூபா இருந்தது.

வந்த காசு (ரூபா)
மீன் விற்பனை – 9,600,000
நிலையான வைப்பு வட்டி – 90,000
வேறு சங்கத்தில் வைத்திருக்கும் பங்குகளுக்குப் பெற்ற பங்கிலாபம் – 30,000
புதிய வங்கிக் கடன் – 1,500,000

போன காசு (ரூபா)
அங்கத்தவருக்கு மீன் விலை – 7,800,000
ஐஸ், எரிபொருள், லொறி வாடகை, சம்பளம் – 1,500,000
ஐஸ் அறை கட்டியது – 1,100,000
வங்கிக்குக் கட்டிய தவணைகள் – 720,000
அங்கத்தவருக்குக் கொடுத்த பங்கிலாபம் – 150,000

வந்தது 11,220,000, போனது 11,270,000. ஆண்டு முடிவில் மீதி 350,000 ரூபா. 50,000 தான் குறைந்திருக்கிறது. அதற்குள் ஐஸ் அறையும் கட்டி, பங்கிலாபமும் கொடுத்தாயிற்று. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல ஆண்டு.

முதற்படி: தவணையைப் பிளத்தல்

வகைப்படுத்துவதற்கு முன் 720,000 ரூபாவைப் பிரிக்க வேண்டும். காசேட்டில் அது "வங்கித் தவணை" என்ற ஒரே வரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு தவணைக்குள்ளும் வட்டியும் முதலும் கலந்துள்ளன.

குறைந்து செல்லும் மீதிக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 600,000 ரூபா கடன் எடுத்து, மாதம் 20,000 கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாத வட்டி 1 சதவீதம். முதல் மாதம் வட்டி 6,000. முதலில் கழிவது 14,000. கடன் மீதி 586,000. இரண்டாம் மாதம் வட்டி 5,860. முதலில் கழிவது 14,140. கட்டும் தொகை மாறாவிட்டாலும் உள்ளே இருக்கும் பங்கு மாதந்தோறும் மாறுகிறது. ஆகவே "பாதி வட்டி, பாதி முதல்" என்று குத்துமதிப்பாக எழுதக் கூடாது. வங்கியிடம் கடன் கணக்குக் கூற்றைக் கேட்டுப் பெற்றால் ஒவ்வொரு தவணையிலும் உள்ள வட்டி தனியாகக் காட்டப்பட்டிருக்கும்.

எமது சங்கத்தின் கூற்றின்படி 720,000 இல் வட்டி 330,000, முதல் 390,000. இது சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் கடன் மீதி 1,640,000. புதிய கடன் 1,500,000 ஐக் கூட்டி, கட்டிய முதல் 390,000 ஐக் கழித்தால் 2,750,000 வருகிறது. வங்கி காட்டும் ஆண்டிறுதிக் கடன் மீதியும் இதுவாக இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் வட்டியும் முதலும் எங்கோ கலந்துவிட்டன, அல்லது தாமதக் கட்டணம் ஏதும் சேர்க்கப்பட்டுள்ளது என்று அறியலாம்.

இரண்டாம் படி: பிரிவுகளில் இடுதல்

கடனோடு வட்டி, முதலீட்டோடு அதன் வருமானம் என்ற முறையில் எழுதினால் கூற்று இவ்வாறு அமையும்.

தொழிற்பாடு: 9,600,000 – 7,800,000 – 1,500,000 = 300,000 வரவு
முதலீடு: பெற்ற வட்டி 90,000 + பெற்ற பங்கிலாபம் 30,000 – ஐஸ் அறை 1,100,000 = 980,000 செலவு
நிதியிடல்: புதிய கடன் 1,500,000 – முதல் 390,000 – வட்டி 330,000 – செலுத்திய பங்கிலாபம் 150,000 = 630,000 வரவு

மூன்றையும் சேர்த்தால் 50,000 குறைவு. 400,000 இலிருந்து 350,000. கணக்குப் பொருந்துகிறது.

இனி இலங்கை நியமம் 7 தந்த தெரிவுகளை மாற்றி மாற்றிப் பார்ப்போம். செலுத்திய வட்டியையும் பெற்ற வருமானங்களையும் தொழிற்பாட்டில் சேர்த்தால் தொழிற்பாட்டுக் காசு 90,000. செலுத்திய வட்டியை மட்டும் அதில் சேர்த்தால் 30,000 பற்றாக்குறை. பெற்ற வருமானங்களை மட்டும் சேர்த்தால் 420,000 வரவு. செலுத்திய வட்டியையும் செலுத்திய பங்கிலாபத்தையும் சேர்த்து, பெற்றவற்றை வெளியே வைத்தால் 180,000 பற்றாக்குறை. சங்கம் ஒன்று, காசுப் பெட்டி ஒன்று, மீதியும் 350,000 தான். ஆயினும் "தொழில் எவ்வளவு காசு தந்தது?" என்ற கேள்விக்கு 420,000 வரவிலிருந்து 180,000 பற்றாக்குறை வரை விடைகள், அத்தனையும் விதிக்கு உட்பட்டவை.

இதனால்தான் இரு சங்கங்களின் தொழிற்பாட்டுக் காசை ஒப்பிடும்போது, வட்டியை எங்கே வைத்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். அதேபோல, ஒரு சங்கம் இவ்வாண்டு திடீரென முறையை மாற்றி நல்ல தொகை ஒன்றைக் காட்டினால், அது மீனால் வந்த முன்னேற்றமா அல்லது வரி இடம்மாறியதால் வந்த முன்னேற்றமா என்று அங்கத்தவர் கேட்க வேண்டும்.

விதிக்கு உட்படாத பிழைகள் வேறு. முழுத் தவணை 720,000 ஐயும் தொழிற்பாட்டுச் செலவாக எழுதினால் 420,000 பற்றாக்குறை தோன்றி, நல்ல தொழிலும் அழிவதாகத் தெரியும். இதனிலும் ஆபத்தானது, புதிய கடனை "வருமானம்" என்று மேலே எழுதுவது. அப்போது தொழிற்பாட்டுக் காசு 1,800,000 என்று தோன்றும். தொழிற்பாட்டுக் காசு ஓர் ஆண்டில் திடீரென உயர்ந்து, அதே ஆண்டில் ஐந்தொகையில் கடனும் அதே அளவு உயர்ந்திருந்தால் இப்பிழை நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

மூன்றாம் படி: கூற்றை வாசித்தல்

எமது சங்கத்துக்கு நான் சிபாரிசு செய்வது மேலே எழுதிய முறையையே. அதில் தொழிற்பாடு என்பது மீனும் ஐஸும் மட்டுமே. கடனின் பாரம் முழுவதும் ஒரே இடத்தில் தெரியும். ஆனால் இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. மேல் வரியில் உள்ள 300,000 ஐ மட்டும் பார்ப்பவர் வட்டியைக் காணமாட்டார். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன்பட்ட ஒரு சங்கத்தின் வட்டிச் செலவு அவ்வாறான காலத்தில் இரட்டித்தாலும், இம்முறையில் தொழிற்பாட்டுத் தொகை அசையாது. ஆகவே கூற்றின் கீழ் இன்னொரு சிறு கணக்கையும் எழுத வேண்டும்.

தொழிலும் முதலீட்டு வருமானமும் தந்த காசு: 300,000 + 120,000 = 420,000
வங்கிக்குக் கட்டியது: 720,000
பற்றாக்குறை: 300,000
இதன்மேல் கொடுத்த பங்கிலாபம்: 150,000
மொத்தப் பற்றாக்குறை: 450,000

இந்த 450,000 எங்கிருந்து வந்தது? புதிய கடன் 1,500,000 இல் ஐஸ் அறைக்கு 1,100,000 போக, மிஞ்சியது 400,000. எஞ்சிய 50,000 பழைய கையிருப்பு. அதாவது, பழைய கடனின் தவணையில் ஒரு பகுதியும் அங்கத்தவர் கைக்குக் கிடைத்த பங்கிலாபமும் புதிய கடனிலிருந்தே வந்துள்ளன. முந்திய ஆண்டின் இலாபத்திலிருந்து பொதுக்கூட்டம் முறைப்படி அறிவித்த பங்கிலாபமாக அது இருக்கலாம். இலாபம் ஏட்டில் இருந்தது. காசு வங்கியிடமிருந்து வந்தது. வாங்கிய பங்கிலாபத்தை அங்கத்தவர் வட்டியுடன் திருப்பிக் கட்டப்போகிறார்கள்.

அடுத்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். புதிய கடன் இல்லை. தொழில் இதே 300,000 ஐயும் முதலீடுகள் இதே 120,000 ஐயும் தந்து, தவணையும் 720,000 ஆகவே இருந்தால், பங்கிலாபமாக ஒரு சதமும் கொடாவிட்டாலும் கையிருப்பு 350,000 இலிருந்து 50,000 ஆகச் சுருங்கும். ஐஸ் அறையினால் தொழிற்பாட்டுக் காசு ஆண்டுக்குக் குறைந்தது 300,000 உயர்ந்தால் மட்டுமே தவணை தன் காலில் நிற்கும். பங்கிலாபம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். மேலும் எமது மேற்குக் கரையில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக் காற்றினால் கடல் கொந்தளித்துத் தொழில் மந்தமாகிறது. பலர் கிழக்குக் கரைக்குப் போய்விடுகின்றனர். மீன் வராத மாதத்திலும் தவணை வரும். ஆகவே அந்த ஐந்து மாதங்களின் தவணையை நல்ல பருவத்திலேயே ஒதுக்கி வைக்காத சங்கம், ஆண்டுக் கணக்கு சரியாக இருந்தாலும் ஜூலையில் தடுமாறும்.

கடன் கொடுப்பதே தொழிலானால்

சிக்கன கடன் சங்கத்துக்கு நிலைமை வேறு. அதன் தொழிலே கடன் கொடுப்பது. ஆகவே அங்கத்தவரிடம் பெறும் வட்டியும் சேமிப்பாளருக்குக் கொடுக்கும் வட்டியும் தொழிற்பாட்டுக்குரியவை. அங்கத்தவருக்குக் கொடுக்கும் கடனும், அவர்கள் திருப்பித் தரும் முதலும் கூடத் தொழிற்பாட்டிலேயே வரும். மீன் வியாபாரிக்கு மீன் எப்படியோ, கடன் சங்கத்துக்குக் காசு அப்படி. புதிய பன்னாட்டு நியமம் 18 உம் வாடிக்கையாளருக்குக் கடன் கொடுப்பதை முதன்மைத் தொழிலாகக் கொண்டோருக்கு வட்டி விடயத்தில் விதிவிலக்கு அளிக்கிறது. அங்கத்தவருக்குச் செலுத்தும் பங்கிலாபம் மட்டும் அவர்களுக்கும் நிதியிடலே.

இங்கே ஒரு பொறி உண்டு. ஒரு கடன் சங்கம் ஆண்டில் 260,000 வட்டி பெற்று, சேமிப்பாளருக்கு 140,000 வட்டியும் அலுவலகச் செலவாக 90,000 உம் கொடுத்தது என வைப்போம். உண்மையில் மிஞ்சியது 30,000. அதே ஆண்டில் திரும்பி வந்த முதல் 2,300,000. புதிதாகக் கொடுத்த கடன் 2,000,000. ஆகவே தொழிற்பாட்டுக் காசு 330,000 என்று கூற்று காட்டும். இதில் 300,000 உழைப்பன்று. கடன் கொடுப்பதைக் குறைத்ததால் பெட்டியில் தங்கிய காசு. அதில் பெரும்பகுதி சேமிப்பாளருக்குச் சொந்தமானது. எனவே கடன் சங்கங்கள் தொழிற்பாட்டுப் பிரிவுக்குள்ளேயே வட்டியை முதலிலும், கடன் முதலைப் பின்னரும் எழுதி, இடையில் ஒரு கூட்டுத்தொகை இட வேண்டும். அந்த 30,000 கண்ணில் பட வேண்டும்.

கூற்றில் தெரியாத வட்டி

வகைப்படுத்துவதற்கு வட்டி என்று ஒன்று ஏட்டில் இருக்க வேண்டும். எமது கரையில் பல குடும்பங்கள் மீன் முதலாளியிடம் வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் பெறுகின்றன. வட்டி கேட்கப்படுவதில்லை, மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். சந்தையில் கிலோ 900 ரூபா போகும் மீனுக்கு 800 கிடைத்தால், ஒவ்வொரு கிலோவிலும் உள்ள அந்த 100 ரூபாவே வட்டி. மாதம் 150 கிலோ கொடுத்தால் 15,000 ரூபா. காசுப் பாய்ச்சல் கூற்றில் இது நிதியிடலில் வராது. தொழிற்பாட்டில் குறைந்த விற்பனையாக மறைந்திருக்கும். "மீன் தொழிலில் மிச்சமில்லை" என்று அக்குடும்பம் சொல்லும். மிச்சத்தைக் கடன் தின்பதைக் காணாது. முற்பணம் 200,000 ஆனால், மாதம் 15,000 என்பது ஆண்டுக்கு 180,000; அதாவது 90 சதவீதம். முதலோ அப்படியே நிற்கிறது.

பயிற்சி

சங்கக் குழுக் கூட்டத்தில் பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள்.

1. சென்ற ஆண்டின் வங்கித் தவணைகளைக் கடன் கணக்குக் கூற்றின்படி வட்டி, முதல் எனப் பிரியுங்கள். தொடக்கக் கடன், புதிய கடன், கட்டிய முதல், இறுதிக் கடன் நான்கும் பொருந்துகின்றனவா?

2. உங்கள் சங்கத்தின் முதன்மைத் தொழில் எது? அங்கத்தவருக்குக் கடன் கொடுப்பதா, வேறா? அதன்படி, பெற்ற வட்டி எந்தப் பிரிவுக்கு உரியது?

3. தொழிற்பாட்டுக் காசோடு முதலீட்டு வருமானத்தைக் கூட்டி, அதிலிருந்து முழுத் தவணையையும் கழியுங்கள். மிஞ்சுவது எவ்வளவு? கொடுத்த பங்கிலாபம் அதற்குள் அடங்குகிறதா?

4. அடங்காவிட்டால், அந்தப் பங்கிலாபத்துக்கான காசு எங்கிருந்து வந்தது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, அடுத்த பொதுக்கூட்டத்தில் வாசியுங்கள்.